பிடித்து வைத்த பணம் எந்தத் தேதியில் வரும்?

தம்பி, சொந்தமாக ஒரு ரிக் வாங்கி, பைல் ஃபவுண்டேஷன் வேலையைச் சப் காண்ட்ராக்ட் எடுக்கப் போவதாகச் சொன்னாய். மண்ணைப் பற்றியோ மெஷினைப் பற்றியோ நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய கம்பெனியில் சைட் என்ஜினீயராக இருந்து எல்லாம் பார்த்தவன் நீ. ஆனால் அங்கே இருந்தபோது பணம் கேட்டு வந்து நின்ற சப் காண்ட்ராக்டரின் பக்கத்திலிருந்து நீ ஒர்க் ஆர்டரைப் படித்திருக்க மாட்டாய். இனிமேல் அந்தப் பக்கம்தான் உன் பக்கம். உனக்கு வரப்போகும் ஒர்க் ஆர்டரில் இருக்கும் இரண்டு வரிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வரி, பணம் பேக் டு பேக் முறையில் தரப்படும் என்று சொல்லும். அதாவது கிளையண்ட் மெயின் காண்ட்ராக்டருக்குப் பணம் தந்த பிறகு மெயின் காண்ட்ராக்டர் உனக்குத் தருவார். இரண்டாவது வரி, ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் ரிடென்ஷனாகப் பிடிக்கப்படும், மெயின் காண்ட்ராக்டில் உள்ளபடி விடுவிக்கப்படும் என்று சொல்லும். சில இடங்களில் 5 சதவீதமாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மெயின் காண்ட்ராக்டரிடமும் கிளையண்ட் பிடிக்கிறார். அவர் கையிலிருந்து போட்டு எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? வேலையில் குறை தெரிந்தால் சரிசெய்ய ஆள் வர வேண்டும், அதற்குப் பிடிமானமாகக் கொஞ்சம் பணம் இருக்கட்டும் என்பதும் சரிதான். இந்த இரண்டு வரிகளும் ஒரே ஒர்க் ஆர்டரில் சேர்ந்து வரும்போது, கட்டடத்தில் முதலில் வேலையை முடித்துவிட்டுப் போகிறவன் கடைசியில் பணம் வாங்குகிறவனாக ஆகிவிடுகிறான். பைல் போடுகிறவன்தான் அந்த முதல் ஆள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். திருச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். 600 மில்லிமீட்டர் விட்டத்தில் 240 பைல்கள், சராசரி ஆழம் 18 மீட்டர். மொத்தம் 4,320 மீட்டர். கம்பியும் கான்கிரீட்டும் மெயின் காண்ட்ராக்டர் தருவார். ரிக், டீசல், பெண்டோனைட், ஆட்கள் இவருடையது. மீட்டருக்கு 1,400 ரூபாய். ஆக மொத்த வேலை 60,48,000 ரூபாய், அதில் 10 சதவீத ரிடென்ஷன் 6,04,800 ரூபாய். பாதி மெயின் காண்ட்ராக்டின் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்ததும், மீதிப் பாதி டி.எல்.பி. முடிந்ததும். டி.எல்.பி. என்றால் கட்டடத்தை ஒப்படைத்த பிறகு குறை தெரிந்தால் வந்து சரிசெய்து தர வேண்டிய காலம். இங்கே அது 12 மாதம்.

2021 ஜனவரியில் ரிக் இறங்கியது, மே மாதம் கடைசிப் பைல் முடிந்தது. லோட் டெஸ்ட் முடிந்து, பைல் கேப் போட ஆள் இறங்கியதும் இவருக்கு அந்தச் சைட்டில் வேலை இல்லை. ஆனால் அவருடைய ஒர்க் ஆர்டரில் இருந்த ‘கம்ப்ளீஷன்’ பைல் வேலையைக் குறிக்கவில்லை. முழு ஆஸ்பத்திரியையும் குறித்தது. டைல்ஸ், ஏ.சி., லிஃப்ட், ஃபயர் லைன் எல்லாம் முடிந்து, அவற்றில் இருந்த பட்டியலையும் சரிசெய்து சர்டிஃபிகேட் கைக்கு வர 2024 பிப்ரவரி ஆனது. அதன் பிறகு 12 மாதம் டி.எல்.பி. ஓடியது. முதல் பாதிக்கு 33 மாதம், இரண்டாம் பாதிக்கு 45 மாதம். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஒர்க் ஆர்டரில் எழுதியபடியே நடந்தது.

இந்தத் தொழிலில் லாபம் பத்து சதவீதம் நின்றால் நல்ல வேலை என்போம். அப்படியானால் அந்த ஆறு லட்சம்தான் அவருடைய லாபம் முழுவதும். கூலி, டீசல், மெஷின் தவணை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, லாபத்தை நாலு வருஷத்துக்கு இன்னொருவர் கணக்கில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதனால் அடுத்த வேலைக்கான முதலீட்டைக் கடனாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இனி ஒரு மாத பில்லை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் 1,000 மீட்டர் முடித்தார். ஜாயிண்ட் மெஷர்மென்ட் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்தாகி, ஆர்.ஏ. பில் 14,00,000 ரூபாய்க்குப் போனது. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,52,000. இன்வாய்ஸ் மொத்தம் 16,52,000. அதில் ரிடென்ஷன் 1,40,000 போகும். தனிநபர் பெயரில் தொழில் செய்கிறவர் என்பதால் 1 சதவீத டி.டி.எஸ். 14,000 போகும். கைக்கு வர வேண்டியது 14,98,000.

இதில் இரண்டு இடங்களைக் கவனி. முதலாவது, ரிடென்ஷனை எந்தத் தொகையின் மேல் கணக்கிடுகிறார்கள் என்பது. வேலை மதிப்பான 14 லட்சத்தின் மேல் என்றால் 1,40,000. சில அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் இன்வாய்ஸ் மொத்தத்தின் மேல் போட்டு 1,65,200 பிடித்துவிடும். அந்தக் கூடுதல் 25,200 நீ அரசுக்குக் கட்டிய வரி. அதையும் நாலு வருஷம் விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை. ‘வரி நீங்கலான வேலை மதிப்பின் மேல்’ என்ற சொற்கள் ஒர்க் ஆர்டரில் இருக்கட்டும்.

இரண்டாவது, வரி கட்ட வேண்டிய தேதி. பேக் டு பேக் என்பது உனக்கும் மெயின் காண்ட்ராக்டருக்கும் உள்ள பேச்சு, ஜி.எஸ்.டி. துறைக்கு அது தெரியாது. மார்ச் மாதம் இன்வாய்ஸ் போட்டால், மாதாமாதம் தாக்கல் செய்பவர் ஏப்ரல் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்ட வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்பாய். நம் செலவில் பெரிய பகுதி டீசலும் கூலியும். டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வராது, கூலிக்கும் வரி கிடையாது. இரண்டிலும் கழிக்க ஒன்றும் இல்லை. ஆகவே அந்த இரண்டரை லட்சத்தில் பெரும்பகுதியை உன் பையிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். கிளையண்ட் இரண்டரை மாதம் கழித்துப் பணம் போட்டால், அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு மாத பில்லுக்கும் வரி கட்டியிருப்பாய். முதல் சைட்டிலேயே கைமாற்று வாங்க வைப்பது பெரும்பாலும் இந்த வரிதான், கூலி அல்ல.

ரிடென்ஷன் பகுதிக்கு மட்டும் பணம் தர வேண்டிய தேதியைக் காண்ட்ராக்டில் தனியாக எழுதி, அந்தத் தேதியில் தனி இன்வாய்ஸ் போடும் வழக்கமும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஓடி, அவ்வப்போது பணம் தர வேண்டிய வேலைகளுக்கு, பணம் தர வேண்டிய தேதியை வைத்து இன்வாய்ஸ் போடச் சட்டம் இடம் தருகிறது. இதை நீயாகச் செய்யாதே. ஒர்க் ஆர்டரை ஆடிட்டரிடம் காட்டி, அவர் எழுத்தில் சொன்ன பிறகு செய்.

இப்போது ரிடென்ஷன் எப்படிக் கரைகிறது என்று பார். 2024-இல் சர்டிஃபிகேட் வந்ததும் முதல் பாதியான 3,02,400 ரூபாயைக் கேட்டுக் கடிதம் கொடுத்தார். பதிலுக்கு ஒரு டெபிட் நோட் வந்தது. ஒரு பைலுக்குக் கணக்குப்படி ஆகும் கான்கிரீட் 5.09 கன மீட்டர், 240 பைலுக்கு 1,221 கன மீட்டர். அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஒப்புக்கொண்டது, ஆக 1,319. ஆனால் பிளாண்டிலிருந்து வந்தது 1,380. கூடுதலான 61 கன மீட்டருக்கு 6,000 ரூபாய் வீதம் 3,66,000 ரூபாய் உங்கள் கணக்கில் பிடிக்கப்படுகிறது என்று இருந்தது. கேட்ட மூன்று லட்சமும் போய், இன்னும் அறுபதாயிரத்துக்கு மேல் அவர் தர வேண்டியவராக நின்றார்.

மணல் பாங்கான மண்ணில் குழியின் சுவர் கொஞ்சம் சரியும், கான்கிரீட் கூடத்தான் போகும். அது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் மூன்று வருஷம் கழித்து அதை வாயால் சொன்னால் எடுபடாது. அன்றைக்கு அந்தச் சைட்டில் இருந்த என்ஜினீயர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நல்ல வேளையாக இவரிடம் 240 பைலின் போர் கார்டுகளும் கார்பன் நகலாக இருந்தன. ஒவ்வொரு கார்டிலும் பைல் எண், தொட்ட ஆழம், கான்கிரீட் ஊற்றத் தொடங்கிய நேரம், வந்த வண்டியின் சலான் எண், இறங்கிய அளவு, இரண்டு பக்கத்துக் கையெழுத்து. அவற்றைக் கூட்டினால் 1,335 கன மீட்டர்தான். மீதி 45 கன மீட்டர், ஸ்லம்ப் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய வண்டிகளும், ரிக் நிற்க மெயின் காண்ட்ராக்டரே போட்டுக்கொண்ட தளமும். சலான் எண்களை வரிசையாக எழுதிக் காட்டியதும் டெபிட் 16 கன மீட்டருக்கு இறங்கியது, 96,000 ரூபாய். முதல் பாதியில் 2,06,400 கைக்கு வந்தது.

அந்தக் கார்டுகள் இல்லாவிட்டால் ஒன்றும் வந்திருக்காது. ஆகவே கான்கிரீட், கம்பிக் கணக்கை வேலை முடியும் வரை விட்டுவைக்காதே. ஒவ்வொரு மாத பில்லோடும் அந்த மாதத்துக் கணக்கை இணைத்துக் கையெழுத்து வாங்கு. ‘இந்த மாதம் வரை கூடுதல் செலவு இவ்வளவு’ என்று எழுதிக் கையெழுத்தான கணக்கின் மேல் பிறகு டெபிட் போடுவது யாருக்கும் கடினம். வேலை முடிந்து குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு வரும் டெபிட் ஏற்கப்படாது என்று ஒரு வரியும் கேட்டுப் பார். 60 நாள் கேள், 90-க்கு ஒப்புக்கொள். மண் பரிசோதனை அறிக்கையில் மணல் அடுக்கு இருந்தால் 8 சதவீதத்துக்கே சம்மதிக்காமல் அதையும் அப்போதே பேசு.

இனி, பேக் டு பேக் வரியை எப்படி மாற்றிக் கேட்பது? எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எடுக்க மாட்டார்கள். கேட்டு மூக்குடைபட வேண்டாம். அதற்கு ஒரு எல்லை போடக் கேள். கிளையண்டிடமிருந்து பணம் வந்து 7 நாளுக்குள், அல்லது சப் காண்ட்ராக்ட் பில் பாஸ் ஆன 60 நாளுக்குள், எது முந்தியதோ அது. இந்த ஒரு வாக்கியம், ‘அவர் தந்தால்தான் தருவேன்’ என்பதை ‘அவர் தரும்வரை கொஞ்சம் பொறு’ என்று ஆக்கிவிடுகிறது. முதலாவதில் கிளையண்ட் திவாலானால் உன் பணமும் போகலாம். இரண்டாவதில் பணம் உன்னுடையதுதான், தேதி மட்டும் தள்ளும். கூடவே, உன் வேலையில் குறை இல்லாமல் வேறு காரணத்துக்காகக் கிளையண்ட் பணத்தை நிறுத்தினால் அது உன்னைப் பாதிக்காது என்றும் எழுதக் கேள். லிஃப்ட்காரர் தாமதித்ததற்குப் பைல் போட்டவன் ஏன் காத்திருக்க வேண்டும்?

ரிடென்ஷனுக்குக் கேட்க வேண்டியது இன்னும் எளிது. முதல் பாதி, பைல் வேலை முடிந்து லோட் டெஸ்ட் அறிக்கை ஏற்கப்பட்ட 30 நாளுக்குள். மீதிப் பாதி, அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்தில். ‘மெயின் காண்ட்ராக்டில் உள்ளபடி’ என்ற சொற்கள் அந்தப் பிரிவில் வரவே கூடாது. வந்தே தீரும் என்றால், மெயின் காண்ட்ராக்டின் பேமெண்ட், ரிடென்ஷன், டி.எல்.பி., தகராறு தீர்க்கும் முறை ஆகிய பக்கங்களின் நகலைக் கேட்டு வாங்கு. ரேட்டைக் காட்ட மாட்டார்கள். ரேட்டை மறைத்துவிட்டுத் தரச் சொல். படிக்காத காண்ட்ராக்டின் நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடாதே. பிடித்த ரிடென்ஷனுக்குப் பதிலாகப் பேங்க் கேரண்டி கொடுத்துப் பணத்தை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. பேங்க் அதற்கு டெபாசிட்டும் கமிஷனும் கேட்கும் என்பதால் ஆறு லட்சத்துக்கு அது பெரிதாகப் பயன்படாது. வேலை அளவு கோடியைத் தாண்டும்போது யோசி.

பில் பாஸ் ஆன பிறகு நீ அடிக்கடி கேட்கப்போகும் பதில் ஒன்றுதான்.

“அண்ணே, உங்க பில் ஓகே ஆயிடுச்சு. கிளையண்ட்கிட்ட இருந்து இன்னும் வரல. வந்ததும் போட்டுடறோம்.”

அது உண்மையாகவும் இருக்கும், சில நேரம் உண்மையாக இருக்காது. பல சைட் நடத்தும் கம்பெனியில், இங்கே வந்த பணம் அங்கே கூலிக்குப் போய்விடும். அதனால் “எப்ப வரும் சார்?” என்று கேட்காதே. இப்படிக் கேள்: “சார், எங்க மார்ச் மாச அளவு உங்க எத்தனையாவது பில்லுல போயிருக்கு? எந்தத் தேதியில சப்மிட் பண்ணீங்க?” பில்லிங் என்ஜினீயரிடம் இதற்குப் பதில் எப்போதும் இருக்கும். அதை வாங்கியதும் அன்றே ஒரு மெயில் போடு: ‘இன்று பேசியபடி எங்கள் மார்ச் அளவு உங்கள் ஏழாவது ஆர்.ஏ. பில்லில் சேர்ந்து, இன்ன தேதியில் சமர்ப்பிக்கப்பட்டது.’ இனி ஏழாவது பில் என்ன ஆனது என்பது மட்டுமே கேள்வி. எட்டாவது பில்லுக்குப் பணம் வந்துவிட்டதாகச் சைட்டில் காதில் விழுந்தால் விஷயம் விளங்கிவிடும்.

கிளையண்ட் அரசுத் துறையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, இன்ன பணிக்கு இன்ன பில்லுக்கான பணம் எந்தத் தேதியில் காண்ட்ராக்டருக்குத் தரப்பட்டது என்று ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். மனு போட்டது தெரிந்தால் உறவு கசக்கும் என்பதால் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகே அதை எடு.

பில்லிங் பிரிவோடு சண்டை போடுவதைவிட அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அவர்கள் நஷ்டத்தை நினைவூட்டுவது பலன் தரும். உன் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், உன் இன்வாய்ஸில் அவர்கள் எடுத்த ஜி.எஸ்.டி. கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். 150-ஆவது நாள் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அந்தத் தேதியைக் குறிப்பிடு. அவர்களுடைய ஆடிட்டரே உனக்காகப் பேசுவார். அதே நேரம் உன் பக்கத்துத் தாக்கலும் சரியாக இருக்க வேண்டும். உன் இன்வாய்ஸ் போர்ட்டலில் அவர்கள் கணக்கில் தெரியும்வரை ஜி.எஸ்.டி. தொகையை நிறுத்திவைப்பது இப்போது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது.

சட்டத்தின் பக்கம் கொஞ்சம். பிரிட்டனில் 1996-இலேயே, கிளையண்ட் தந்தால்தான் தருவேன் என்ற நிபந்தனை செல்லாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். கிளையண்ட் திவாலாகும் நிலைக்கு மட்டும் விலக்கு. சிங்கப்பூர் 2004-லும் மலேசியா 2012-லும் கட்டுமானத் தொழிலுக்கென்றே பணப் பாதுகாப்புச் சட்டம் இயற்றின. இரண்டிலும் அந்த நிபந்தனைக்கு இடமில்லை. நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் இங்கே வந்து பேக் டு பேக் வரியைப் பார்த்தால் வியப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒரு நிகழ்ச்சி நடந்தால்தான் பணம் என்று இரண்டு பேர் எழுதிக்கொண்டால் அதுவும் ஒப்பந்தம்தான். அதனால் வழக்கு என்று போனால் எழுதிய சொற்கள்தான் பேசும்.

2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டம் ஒரு துணை. அதன்படி, எழுத்தில் எதை ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பொருளும் வேலையும் கலந்த ஒர்க்ஸ் காண்ட்ராக்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உயர் நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகள் உண்டு. ஆகவே இதை மட்டும் நம்பி இறங்காதே. ஆனால் உத்யம் பதிவை ஒர்க் ஆர்டர் வாங்குவதற்கு முன்பே எடுத்து, பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடி. வேலை முடிந்த பிறகு எடுத்த பதிவால் பழைய பாக்கிக்குப் பயன் கிடைப்பது கடினம்.

பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்கோ ஆர்பிட்ரேஷனோ தொடங்காவிட்டால் உரிமை போய்விடும் என்பது காலவரையறைச் சட்டம். பைல்காரனுக்கு இதுதான் பெரிய ஆபத்து. அவன் வேலை முடித்த நாளையும் ரிடென்ஷன் வர வேண்டிய நாளையும் குழப்பி வாதாட இடம் இருக்கிறது. அதற்கு மருந்து, ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம். ‘உங்கள் கணக்கில் ரிடென்ஷனாக எங்களுக்குத் தர வேண்டியது ரூ. 6,04,800’ என்ற கடிதத்தில் அவர்கள் கையெழுத்து இருந்தால், அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். காலக்கெடு முடிவதற்குள் வாங்கிய கையெழுத்துக்குத்தான் இந்தப் பலன்.

ஃபைனல் பில்லின் போது ‘இனி எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாவிட்டால் செக் வராது. மறுத்துக்கொண்டு நிற்க வேண்டாம்; ஆனால் கையெழுத்துக்கு மேலே உன் கையாலேயே ‘ரிடென்ஷன் ரூ. 6,04,800 நீங்கலாக’ என்று எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போடு. அந்த நாலு சொற்களை எழுதாமல் போட்டுக்கொடுத்துவிட்டு, ரிடென்ஷன் கேட்கப் போனபோது அதே தாளைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ரேட். எவ்வளவு பேசியும் ரிடென்ஷன் தேதியை மாற்ற ஒப்பாத கம்பெனிகள் இருக்கும். அங்கேயும் வேலை எடுக்கலாம், ஆனால் அந்தத் தேதிக்கு ஒரு விலை உண்டு. நமக்குக் கிடைக்கும் கடன் ஒன்றரை வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். அந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் 3,02,400 ரூபாய் 33 மாதமும் இன்னொரு 3,02,400 ரூபாய் 45 மாதமும் நின்றதற்கு வட்டி சுமார் 3,54,000. இதை 4,320 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 82 ரூபாய். முதல் பாதி வேலை முடிந்ததும் வந்து, மீதி 12 மாதத்தில் வந்திருந்தால் மீட்டருக்கு 13 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். வித்தியாசம் 69.

ஆகவே உன் கொட்டேஷனில் இரண்டு ரேட் எழுது: ரிடென்ஷன் என் வேலை முடிந்த தேதியிலிருந்து கணக்கு என்றால் 1,400, கட்டடம் முடிந்த தேதியிலிருந்து என்றால் 1,470. இரண்டில் எதற்கும் ஒப்பாமல், தேதியும் அவர்களுடையது, ரேட்டும் 1,400-தான் என்றால், அந்த வேலையை விட்டுவிட்டு வா.